பெரிய சிஸ்டர் எழுதிக்கொடுத்த நாலு பக்கம்

எங்கள் ஆஸ்பத்திரியில் வார்டுப் பொறுப்பை ஒருவரிடமிருந்து இன்னொருவர் வாங்குவதற்கு இப்போது அச்சடித்த ஃபார்ம் வந்துவிட்டது. சாவி இத்தனை, ரெஜிஸ்டர் இத்தனை, எமர்ஜென்சி டிராலியில் மருந்து சரியாக இருக்கிறதா, ஃபிரிட்ஜ் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று கேள்விகள் வரிசையாக இருக்கும். பக்கத்தில் டிக் போட வேண்டும், கீழே இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், நர்சிங் சூப்பிரண்டு ஒரு கையெழுத்து. அரை மணி நேரத்தில் சார்ஜ் கைமாறிவிடும். இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, எண்ணிக்கை சரிபார்க்கத்தான் வேண்டும், அதிலும் மார்ஃபின், ஃபென்டனில் மாதிரி பூட்டி வைக்கிற மருந்துகளில் ஒரு ஆம்பியூல் குறைந்தால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் இந்த ஃபார்ம் வந்ததிலிருந்து யாரும் நோட்டு எழுதிக்கொடுப்பதில்லை. அதுதான் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. போன வாரம் சூப்பிரண்டிடம் சொன்னேன், "அதான் ஃபார்ம்ல எல்லாம் இருக்கே சிஸ்டர், தனியா வேற எதுக்கு"ன்னு கேட்டார். அப்போது சட்டென்று பதில் வரவில்லை. பதில் கொஞ்சம் நீளமானது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் இந்த வார்டுக்கு வந்தபோது ஃபார்ம் கிடையாது. எனக்கு முன்னால் இருந்தவரை எல்லோரும் பெரிய சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். ரிட்டயர் ஆகிற அன்றைக்கு அவர் சாவிக்கொத்தோடு கோடு போட்ட தாளில் முன்னும் பின்னுமாக நாலு பக்கம் எழுதி என் கையில் கொடுத்தார். நீல மை, அடித்தல் திருத்தல் ஏகம், சில வரிகள் ஓரத்தில் செங்குத்தாக ஓடும். நான் எதிர்பார்த்தது ஸ்டாக் விவரம். அதில் ஸ்டாக் விவரம் ஒரு வரிகூட இல்லை. "ரெஜிஸ்டர்ல இருக்கதை இதுல எழுதல, ரெஜிஸ்டரைப் பாரு" என்று முதல் வரியிலேயே முடித்துவிட்டார்.

எங்களுடையது அம்பாசமுத்திரம் பக்கத்து ஆஸ்பத்திரி. ஆண்கள் வார்டுதான், ஆனால் ராத்திரி பத்து மணிக்கு மேல் கேஷுவாலிட்டிக்கு வருகிற கேஸும் எங்களிடம்தான் வரும். அப்படி ஒரு வார்டில் என்னென்ன வரும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வயலில் பாம்புக்கடி, பூச்சிமருந்து, அரளிக்கொட்டை, பனையிலிருந்து விழுந்தவர்கள், குற்றாலத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பைக்கில் விழுந்தவர்கள். அந்த நாலு பக்கமும் இந்த ராத்திரிகளைப் பற்றித்தான்.

கண்ணாடிக் குழாய்

இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. "பாம்புக்கடிக்குக் கண்ணாடிக் குழாய் புதுசுதான். கழுவினதைத் தொடாதே. எப்பவும் ரெண்டு குழாய் போடு, ரெண்டாவது நல்ல ஆளு ரத்தம்." அவ்வளவுதான். அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தார்.

பாம்பு கடித்து வருகிறவருக்கு நாங்கள் செய்கிற முதல் பரிசோதனை 20 நிமிஷ டெஸ்ட். லேப் வேண்டாம், மிஷின் வேண்டாம், ராத்திரி ரெண்டு மணிக்கும் வார்டிலேயே செய்யலாம். கையிலிருந்து 2 மில்லி ரத்தம் எடுத்து, சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிஷம் நிறுத்தி வைக்க வேண்டும். அப்புறம் ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்ப்பது. கட்டியாக நின்றால் ரத்தம் உறைகிறது. தண்ணீராக ஓடினால் உறைகிற சக்தி போய்விட்டது, கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ விஷத்தை ஏற்றியிருக்கிறது என்று அர்த்தம், விஷமுறிவு மருந்தான ஏஎஸ்வி போட வேண்டும். நடுவில் பொறுமை இல்லாமல் தூக்கித் தூக்கிப் பார்த்தால் டெஸ்ட் கெட்டுவிடும். புதிதாக வருகிற பிள்ளைகள் முதலில் செய்கிற தப்பு அதுதான்.

இதில் குழாய்க்கு என்ன அவ்வளவு முக்கியம் என்றால், ரத்தத்தை உறையத் தூண்டுவதே அந்தக் கண்ணாடிச் சுவர்தான். சாதாரணக் கண்ணாடியில் ரத்தம் பட்டதும் உறைகிற வேலை தொடங்குகிறது. சோப்புப் பவுடர் போட்டுக் கழுவிய குழாயில் அந்தச் சுவர் தன் வேலையைச் சரியாகச் செய்யாது. கடியே படாத ஆளின் ரத்தமும் 20 நிமிஷம் கழித்துத் தண்ணீராக ஓடக்கூடும். பிளாஸ்டிக் குழாயும் ஆகாது. லேபில் இருந்து கைக்கு வருகிற சிவப்பு மூடி பிளாஸ்டிக் குழாயில் உறையத் தூண்டுகிற பூச்சு வேறு இருக்கும், அது எதிர்ப்பக்கமாக நம்மை ஏமாற்றலாம். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையவே உறையாது, அதற்கென்றே மருந்து போட்டு வருகிறது. அவசரத்தில் அதை எடுத்துவிட்டால் எல்லோருக்கும் விஷம் ஏறியிருக்கிறது என்றுதான் டெஸ்ட் சொல்லும்.

சரி, புதுக் குழாயை எடுத்தால் போச்சு, இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். முதல் குழாய் உறைந்துவிட்டால் வேலை முடியவில்லை. விஷம் மெதுவாகவும் ஏறும். அதனால் முதல் மூன்று மணி நேரம் அரை மணிக்கு ஒரு தடவை, அப்புறம் மணிக்கு ஒரு தடவை மறுபடி மறுபடி பார்க்க வேண்டும். ராத்திரி 10 மணிக்கு ஒருவர் வந்தால் 1 மணி வரைக்கும் ஏழு குழாய், அதற்கப்புறம் காலை 7 மணி வரைக்கும் ஆறு, நல்ல ஆளின் ரத்தத்துக்கு ஒன்று, ஆக 14. ஒரே ஆளுக்கு, ஒரே ராத்திரிக்கு. பிசானத்துக்கு நடவு நடக்கிற சமயத்தில், மழையும் பெய்து வாய்க்காலும் நிறைந்து ஓடுகிறபோது, ஒரே ராத்திரியில் மூன்று பேர் வருவது அதிசயம் இல்லை. ரெஜிஸ்டரில் 40 குழாய் இருந்தால் பார்ப்பவர்களுக்கு ஏகப்பட்டது மாதிரி இருக்கும், மூன்று பேருக்கு அது காணாது. குழாய் தீர்ந்துபோகும்போதுதான் யாராவது ஒருவர், பாவம் நல்ல எண்ணத்தில், பழைய குழாய்களைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். கழுவினதும் 40-ல் ஒன்றாக எண்ணப்பட்டுவிடும். ஃபார்மில் டிக் விழும்.

அந்த ராத்திரி

நான் பொறுப்பேற்ற வருஷம், மழைக்காலம். வயலுக்குத் தண்ணி பாய்ச்சப் போன பெரியவர் ஒருவர், ஐம்பது வயசுக்கு மேல், வரப்பில் எதையோ மிதித்திருக்கிறார். பாம்பைப் பார்க்கவில்லை, சரசரவென்று போன சத்தம் மட்டும் கேட்டதாம். கணுக்காலுக்கு மேலே ரெண்டு புள்ளி மாதிரி, சுற்றிலும் லேசாக வீக்கம். மகன் பைக்கில் உட்கார வைத்துக் கூட்டி வந்தான், காலில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தான். இந்தப் பக்கத்தில் இன்னும் அந்தப் பழக்கம் போகவில்லை. டூட்டி டாக்டர் பார்த்து, டிரிப் லைன் போட்டு, கட்டை மெதுவாகத் தளர்த்தி, வீக்கத்தின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டார். நான் ரெண்டு குழாய் எடுத்தேன். ஒன்றில் பெரியவர் ரத்தம், இன்னொன்றில் அன்றைக்கு டூட்டியில் இருந்த அட்டெண்டரின் ரத்தம். டூட்டி சிஸ்டர் சின்னப் பெண், "இவருக்கு எதுக்கு அக்கா?" என்று கேட்டாள். எழுதிக்கொடுத்திருக்காவ, செய்யுவோம் என்றுதான் சொன்னேன். நிஜத்தில் எனக்கும் அதற்கு மேல் தெரியாது. நான் அதற்கு முன் வேலை பார்த்த இடங்களில் ஒரு குழாய்தான் போடுவோம்.

20 நிமிஷம் ஆயிற்று. பெரியவர் குழாயைச் சாய்த்தேன், ரத்தம் தண்ணீராக ஓடியது. டாக்டர் ஏஎஸ்வி எடுக்கச் சொல்லிவிட்டார். அவர் செய்தது சரி, நோட்டு இல்லாமல் இருந்தால் நானும் ஓடிப்போய் அலமாரியைத் திறந்திருப்பேன். பத்து வயல், அதாவது பத்து மருந்துக் குப்பி, ஒவ்வொன்றும் பவுடர், 10 மில்லி தண்ணீர் விட்டு நுரை வராமல் சுழற்றிச் சுழற்றிக் கரைத்து, சலைனில் கலந்து ஒரு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். ஒரு சிஸ்டர் வயல்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருக்கும்போதே நான் ரெண்டாவது குழாயைச் சாய்த்தேன். அட்டெண்டர் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார், அவர் ரத்தமும் தண்ணீராக ஓடுகிறது.

அப்போதுதான் அந்த வரியின் அர்த்தம் பிடிபட்டது. பாம்பே கடிக்காத ஆளுக்கும் உறையவில்லை என்றால் கோளாறு ஆளிடம் இல்லை, குழாயில். டாக்டரிடம் ரெண்டு குழாயையும் காட்டினேன். அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். ஈறில் ரத்தம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார், ஊசி போட்ட இடத்தில் கசிகிறதா பார்த்தார், சிறுநீரின் நிறம் கேட்டார், இமை சாய்கிறதா பார்த்தார், வீக்கம் பேனாக்கோட்டைத் தாண்டியிருக்கிறதா பார்த்தார். ஒன்றும் இல்லை. இதில் ஒன்று இருந்திருந்தாலும் குழாயைப் பற்றிக் கவலைப்படாமல் ஏஎஸ்வி ஏற்றியிருப்போம், டெஸ்டுக்காகக் காத்திருக்க மாட்டோம். இல்லாததால் புது டப்பாவை உடைத்து மறுபடியும் ரெண்டு குழாய் போட்டோம். அந்த 20 நிமிஷமும் பெரியவரின் மகன் என்னையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றான், எப்போது மருந்து போடுவார்கள் என்று. ரெண்டு குழாயும் கட்டியாக நின்றது. காலை வரைக்கும் ஒவ்வொரு தடவையும் உறைந்தது. 24 மணி நேரம் வைத்திருந்து அனுப்பினோம்.

ஏஎஸ்வி போட்டால்தான் என்ன, பாதுகாப்புக்குப் போட்டதாக இருக்கட்டுமே என்று கேட்கலாம். அது குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கிற மருந்து. சிலருக்கு ஏறத் தொடங்கியதும் அரிப்பு, தடிப்பு, வாந்தி, அப்புறம் மூச்சு முட்டல், பிரஷர் விழுதல் என்று வரும். அதனால்தான் அரை மில்லி அட்ரினலின் சிரிஞ்சில் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஆரம்பிப்போம். தேவைப்படுகிறவருக்கு அந்த ஆபத்தைப் பார்க்கக் கூடாது, உயிரைக் காப்பாற்றுகிற ஒரே மருந்து அதுதான். தேவைப்படாதவருக்கு அந்த ஆபத்தைக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. அதோடு எங்களிடம் இருப்பு எப்போதும் அளவாகத்தான் இருக்கும். பத்து வயலை வீணாக ஏற்றிவிட்ட ராத்திரியில் நிஜமாகவே கண்ணாடி விரியன் கடித்த ஒருவர் வந்து நின்றால் என்ன செய்வது?

மறுநாள் விசாரித்ததில், புதிதாகச் சேர்ந்த துப்புரவுப் பணியாளர் ஒரு அக்காதான் கழுவி வைத்திருக்கிறார். "சும்மா தூரப் போடுதீங்களேன்னு நாந்தான் பவுடர் போட்டு நல்லா தேய்ச்சு வச்சேன், சிஸ்டர்." அவர்மேல் என்ன தப்பு சொல்வது. வேண்டாம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

வரி இருந்தது, காரணம் இல்லை

அன்றைக்குச் சாயங்காலம் பெரிய சிஸ்டருக்குப் போன் போட்டேன். ரிட்டயர் ஆனபின் நாகர்கோவிலில் மகள் வீட்டில் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "ஒரு தடவ பட்டாச்சுல்லா, அதான் எழுதுனேன்" என்றார். அவர் வார்டு சிஸ்டராக இருந்த காலத்தில் ஒரு வாலிபப் பையனுக்குக் கழுவின குழாயில் டெஸ்ட் பார்த்து ஏஎஸ்வி ஏற்றி, அவனுக்கு ரியாக்‌ஷன் வந்து, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்திருக்கிறார்கள். அவனைக் கடித்தது விஷமில்லாத சாரையாக இருக்கும் என்று அப்புறம் பேசிக்கொண்டார்களாம். அந்தக் கதையை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "அதை எழுதுனா பக்கம் கூடிருமேட்டி."

எனக்கு இவ்வளவு நாளாக உறுத்துகிற விஷயம் இதுதான். அந்த வரி இல்லாவிட்டால் அன்றைக்குப் பெரியவருக்கு வீணாகப் பத்து வயல் ஏறியிருக்கும். ஆனால் அந்த வரியை நான் செய்தது பெரிய சிஸ்டர் மேல் இருந்த மரியாதையால், காரணம் தெரிந்து இல்லை. மரியாதை எனக்கு இருந்தது, எனக்கு அடுத்து வருகிறவருக்கு இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? நான் கொஞ்ச நாள் லீவில் போயிருந்தபோது ஸ்டோரில் இருந்து கண்ணாடிக் குழாய்க்குப் பதிலாகப் பிளாஸ்டிக் குழாய் வந்தது. உடையாது, விலையும் தோது என்று ஸ்டோர்காரர் நினைத்திருக்கிறார். என் இடத்தில் பார்த்துக்கொண்டிருந்த சிஸ்டர் அந்த நாலு பக்கத்தை நன்றாகப் படித்தவர்தான். "புதுசுதான் வேணும்னு இருந்துச்சு, இது புதுசுதானே" என்று கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்துவிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. கண்ணாடிதான் உறையத் தூண்டுகிறது என்று அரை வரி அதில் இருந்திருந்தால், பிளாஸ்டிக் என்று தெரிந்த உடனே திருப்பி அனுப்பியிருப்பார்.

இதே நோட்டில் காரணத்தோடு எழுதின வரியும் ஒன்று உண்டு, ஆக்சிஜனைப் பற்றி. "ஆம்புலன்ஸ்ல போற சின்ன சிலிண்டர்ல 1500 லிட்டர். மாஸ்க்குக்கு 10 லிட்டர் வச்சா ரெண்டரை மணி நேரம், 15 வச்சா 100 நிமிஷம். முள்ளு பாதிக்கு வந்துட்டா இதுலயும் பாதிதான். ஹைகிரவுண்டுக்கு ஒரு மணி நேரம், கேட் போட்டா அதுக்கு மேல. பாதி சிலிண்டரோட ஆள ஏத்தாதே." நிறைந்த சிலிண்டரில் முள் 150 பக்கம் நிற்கும், பாதி என்றால் 75 பக்கம். 15 லிட்டர் வைத்தால் பாதிச் சிலிண்டர் 50 நிமிஷம்தான், பாளையங்கோட்டை போய்ச் சேர்வதற்குள் தீர்ந்துவிடும், ரயில்வே கேட் போட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம். இந்த வரியை மட்டும் யாரும் இதுவரைக்கும் மீறியதில்லை. டிரைவர் அண்ணனே வண்டியை எடுக்குமுன் முள்ளைப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், இது கேட்டுக்குக் காணாது, மாத்திக் குடுங்க" என்பார். அவர் அந்த நோட்டைப் படித்ததே இல்லை. ஒருநாள் யாரோ கணக்கைச் சொல்லியிருக்கிறார்கள், கணக்கு அவருக்குப் புரிந்துவிட்டது, அப்புறம் அது அவருடைய கணக்காகிவிட்டது.

ஆட்களைப் பற்றி எழுதினது

பெரிய சிஸ்டரை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதனால் இதைச் சொல்லவும் தயக்கமில்லை. நாலாம் பக்கம் முழுக்க ஆட்களைப் பற்றி எழுதியிருந்தார். யார் கை சுத்தம், யார் டிரிப் லைன் சட்டென்று போடுவார், யாரை எந்த டாக்டரோடு டூட்டி போடக்கூடாது. நிறைய உபயோகமாக இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதில் ஒரு அட்டெண்டரின் பெயரைப் போட்டு, "நைட் டூட்டி குடுக்காதே" என்று மட்டும் இருந்தது. படித்தவுடன் மனசு எங்கே போகும்? குடிப்பார் போல, அல்லது தூங்கிவிடுவார் போல. நானும் நைட் போடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ரொம்ப நாள் கழித்து அவரே வந்து கேட்டார். "சிஸ்டர், எல்லாரும் நைட் அலவன்ஸ் வாங்குதாவ, எனக்கு மட்டும் ஏன் நைட்டே தரமாட்டிய? நான் எதும் தப்பு பண்ணிட்டனா?" விசாரித்தால், பல வருஷத்துக்கு முன்னால் அவருடைய அம்மா படுக்கையில் கிடந்திருக்கிறார், ராத்திரி பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லை. பெரிய சிஸ்டர் இரக்கப்பட்டு அவருக்கு நைட் வேண்டாம் என்று வைத்திருக்கிறார். அம்மா தவறிய பிறகும் அந்த ஏற்பாடு மாறவில்லை, நோட்டிலும் ஏறிவிட்டது. காரணம் செத்துப்போயிருக்கிறது, வரி மட்டும் உயிரோடு இருந்துகொண்டு ஒருத்தர் பெயரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. "அம்மாவுக்கு முடியல, அதனால் நைட் வேண்டாம்" என்று எழுதியிருந்தால் நான் முதல் வாரத்திலேயே அம்மா எப்படி இருக்காவ என்று கேட்டிருப்பேன், அன்றைக்கே தீர்ந்திருக்கும். பாம்புக்கடி ராத்திரியில் ஸ்டூலில் உட்கார்ந்து ரத்தம் கொடுத்த அட்டெண்டர் வேறொருவர், ஆனால் இவர் டூட்டியில் இருந்திருந்தால் இவரும் கொடுத்திருப்பார்.

நல்ல வரி ஒன்று காரணம் இல்லாததால் நழுவிப் போகப் பார்த்தது. வேண்டாத வரி ஒன்று அதே காரணம் இல்லாததால் ஒட்டிக்கொண்டு போக மறுத்தது. ரெண்டும் ஒரே கையெழுத்து, ஒரே நாலு பக்கம்.

நான் எழுதுகிற நோட்டு

இப்போது நானும் இந்த வார்டை விட்டுப் போகிறேன். டிரான்ஸ்ஃபர்தான், வேறு பெரிய கதை இல்லை. ஃபார்மை நிரப்பி வைத்துவிட்டேன். அதற்கு மேல் நோட்டும் எழுதுகிறேன், சூப்பிரண்டு சிரித்தாலும் பரவாயில்லை. பெரிய சிஸ்டர் நோட்டை எதிரில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். காரணம் தெரியாத வரிகளுக்கெல்லாம் அவருக்குப் போன் செய்து கேட்டேன். சிலவற்றுக்கு அவருக்கே ஞாபகம் இல்லை. அவற்றை விட்டுவிட்டேன். மிஞ்சினவை கொஞ்சம்தான், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஏன் என்று ஒரு வரி, எந்த வருஷம் கடைசியாகச் சரிபார்த்தது என்று ஒரு தேதி.

குழாய் வரி இப்போது இப்படி இருக்கிறது. "20 நிமிஷ டெஸ்டுக்குக் கண்ணாடிக் குழாய், புதுசு, உலர்ந்தது. கண்ணாடிச் சுவர்தான் உறையத் தூண்டும், சோப்பு பட்டால் தூண்டாது, பிளாஸ்டிக்கும் ஆகாது. வீக்கம், ஈறு, சிறுநீர் ஒன்றிலும் தொந்தரவு இல்லாமல் குழாய் மட்டும் தண்ணீராக ஓடினால் கூட இருக்கிற நல்ல ஆளின் குழாயைப் பார். அதுவும் ஓடினால் டப்பாவை மாற்று. ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரி 14 குழாய். மழைக்காலத்தில் 60-க்குக் கீழே இறங்கினால் அன்றைக்கே ஸ்டோருக்கு இண்டென்ட் எழுதிக் கேள். ஸ்டோரில் இருந்து பிளாஸ்டிக் வந்தால் கையெழுத்துப் போடாதே." அடியில் இன்னொன்றும் சேர்த்தேன், பெரிய சிஸ்டர் வாயால் சொல்லி நோட்டில் எழுதாதது. "குழாய் உறைந்தாலும் இமையைப் பார். கட்டு விரியனும் நல்ல பாம்பும் கடித்தால் ரத்தம் நன்றாகவே உறையும்." கட்டு விரியன் தரையில் படுத்துத் தூங்குகிறவரைக் கடிக்கும், கடித்த தடமே தெரியாது. விடியற்காலம் வயிற்றுவலி என்று வருவார்கள், கண் திறக்க முடியவில்லை என்று அப்புறம்தான் சொல்வார்கள். அந்தக் கேஸுக்கு 20 நிமிஷ டெஸ்டை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது.

புதிதாக வருகிற சிஸ்டரிடம் இதைக் கடைசி நாள் கொடுக்கவில்லை, முன்கூட்டியே கொடுத்தேன். ஒரு நைட் என்னோடு டூட்டியும் பார்த்தார். பென்சிலால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டுக் கொண்டுவந்தார். தூத்துக்குடிக்காரப் பெண், கேள்வி கேட்கத் தயங்குவதில்லை. "60-ன்னு போட்டிருக்கியளே அக்கா, அது எந்தக் கணக்கு?" நாலு பேருக்கு 14 வீதம் 56, உடைகிறதுக்கு நாலு என்றேன். "அதையும் எழுதிருங்க, இல்லன்னா ஸ்டோர்ல 40 போதும்னு சொன்னா எனக்கு என்ன பதில் சொல்லன்னு தெரியாது" என்றார். எழுதினேன்.

ஆட்களைப் பற்றி என்ன செய்வது என்று ரொம்ப யோசித்தேன். ஒன்றுமே எழுதாமல் விடலாம், ஆனால் அதிலும் புதிதாக வருகிறவர் ஆறு மாசம் தடுமாறுவார். கடைசியில் ஒருவரைப் பற்றி எழுதுகிற வரியை அவருக்கே வாசித்துக் காட்டிவிட்டு எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். முகத்துக்கு நேரே வாசிக்க முடியாத வரி நோட்டில் இருக்க வேண்டாம், அது சூப்பிரண்டிடம் நேரில் சொல்ல வேண்டிய விஷயம். அந்த அட்டெண்டரைக் கூப்பிட்டு, "டெஸ்டுக்கு நேரம் பார்த்துச் சொல்வதில் இவர் கில்லாடி, நைட் டூட்டி கேட்டு வாங்குவார்" என்று எழுதியிருப்பதை வாசித்தேன். தலையைச் சொறிந்துகொண்டே கேட்டார். "எல்லாம் சரிதான் சிஸ்டர். கூட ஒரு வரி போட்டுருங்க. வைகாசில எங்கூர் கோயில் கொடைக்கு மூணு நாள் லீவு வேணும்னு. ஏன்னு கேட்டா, நாந்தான் மேளக்காரங்களுக்குப் பொறுப்புன்னும் எழுதிருங்க." எழுதியாயிற்று, அந்த மூணு நாளும் யார் வருவார் என்று அவரே சொன்ன பெயரோடு.